ஆறு மாதம் நிற்கும் காபி

காலையில் கலந்த காபி ஒரு டம்ளர் மிஞ்சிப்போய், சித்திரை வெயில் காலத்தில் அடுக்களை மேடையிலேயே கிடந்தால், சாயங்காலத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். அதே பாலும் அதே காபியும் கலந்த ஒரு பாட்டில் மளிகைக் கடை அலமாரியில் ஃபிரிட்ஜ்கூட இல்லாமல் ஆறு மாதம் நிற்கிறது. கேனில் அடைத்ததாக இருந்தால் ஒரு வருடம்கூட நிற்கும். "ஏதோ மருந்து கலந்திருப்பாங்க" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் இந்த வகைப் பால் காபிகளின் லேபிளைப் படித்தால், கெடாமல் காக்கும் ரசாயனம் எதையும் பொதுவாகப் பார்க்க முடியாது. அந்தக் காபியைக் காப்பாற்றுவது சூடு. சூட்டுக்குப் பிறகு உள்ளே எதையும் விடாத மூடி. இதைப் புரிந்துகொண்டால் அந்த பாட்டிலில் சர்க்கரை ஏன் அவ்வளவு இருக்கிறது, திறந்த பிறகு அது ஏன் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கேன் காபியின் ஊர் ஜப்பான். கோபே நகரைச் சேர்ந்த யு.சி.சி. நிறுவனத்தின் தடாவோ உயெஷிமா 1969இல் பால் கலந்த காபியைக் கேனில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரயில் நிலையக் கடையில் பாட்டிலில் பால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது ரயில் புறப்பட்டுவிட, பாட்டிலைக் கடையிலேயே திருப்பித் தர வேண்டியிருந்ததால் பாதிக் காபியை விட்டுவிட்டு ஓடினாராம். கையோடு எடுத்துப்போகும் காபி என்ற எண்ணம் அங்கே பிறந்தது என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்தக் கேன் பரவலாக விற்று, பிறகு ஜப்பான் முழுக்கத் தெருவோர இயந்திரங்களில் இடம்பிடித்தது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸும் பெப்ஸிகோவும் சேர்ந்து பாட்டில் காபியை 1996இல் பரவலாக்கின. இன்று நம் ஊர் பெட்ரோல் பங்க் கடையிலும் கல்லூரி வாசல் பெட்டிக்கடையிலும் அதன் உறவுக்காரர்கள்தான் வரிசையாக நிற்கிறார்கள்.

காபியையும் பாலையும் சேர்த்துக் கடும் சூட்டில் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காபி சற்றே அமிலத்தன்மை உடையது. அந்த அமிலத்தோடு பாலைக் கொதிநிலைக்கும் மேலே சூடேற்றினால் பால் திரிந்துபோகும். அதனால் தொழிற்சாலையில் காபி டிகாக்‌ஷனோடு கொஞ்சம் சமையல் சோடாவோ பாஸ்பேட் உப்போ சேர்த்து அமிலத்தைத் தணிக்கிறார்கள். லேபிளில் 'அசிடிட்டி ரெகுலேட்டர்' அல்லது 'ஸ்டெபிலைசர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் 500, 339, 340 போன்ற ஐ.என்.எஸ். எண்கள் இருப்பது இதற்காகத்தான். அவை பயப்பட வேண்டிய பொருட்கள் அல்ல. ஆனால் அமிலம் குறைந்ததும் வேறொரு பொறுப்பு வந்து சேர்கிறது.

ஊறுகாய், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பண்டங்களில் பெரும்பாலான நச்சுக் கிருமிகள் வளர முடியாது. அந்தப் புளிப்பே காவல். பி.எச். என்ற அளவுகோலில் 4.6க்கு மேலே போய்விட்டால் அந்தக் காவல் இல்லை. பால் காபி ஆறரை, ஏழு என்ற அளவில் இருக்கிறது. பால் கலக்காத கருங்காபிகூட ஐந்தை ஒட்டி இருப்பதால் இந்தக் கோட்டைத் தாண்டியதாகவே கணக்கு. இப்படிப்பட்ட பானத்தைக் காற்றில்லாமல் அடைத்து வைத்தால் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு வசதியாகிவிடும். மண்ணில் சாதாரணமாக இருக்கும் கிருமி அது. கொதிக்கும் தண்ணீரிலும் சாகாத வித்தாக அது மாறிக் காத்திருக்கும். காற்றில்லாத இடம் கிடைத்ததும் முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

ஆகவே இந்தக் காபியை வெறுமனே கொதிக்க வைத்தால் போதாது. கேனில் அடைத்து மூடிய பிறகு பெரிய பிரஷர் குக்கர் போன்ற 'ரிட்டார்ட்' என்ற கலனில் வைத்துச் சுமார் 121 டிகிரி சூட்டில் பல நிமிடங்கள் வேகவைப்பது ஒரு முறை. 135லிருந்து 140 டிகிரிக்குச் சில விநாடிகள் மட்டும் சூடேற்றி, உடனே ஆறவைத்து, கிருமி நீக்கிய அறையில், கிருமி நீக்கிய பெட்டியில் நிரப்புவது இன்னொரு முறை. யு.எச்.டி. என்று அட்டைப் பெட்டிப் பாலில் அச்சிட்டிருப்பது இதைத்தான். இரண்டில் எதைச் செய்தாலும், மூடிய பெட்டிக்குள் வளரக்கூடிய கிருமி ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் வெளியே வைத்தாலும் ஆறு மாதம் நிற்கிறது.

இந்தப் படியைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு உதாரணங்கள் உண்டு. 2017 செப்டம்பரில் டெத் விஷ் காபி என்ற நிறுவனம் தன் நைட்ரோ கோல்ட் ப்ரூ கேன்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. நைட்ரஜன் ஏற்றிய, காற்றில்லாத அந்தக் கேனுக்குள் பாட்டுலினம் வளர வாய்ப்பிருக்கிறது என்பதுதான் காரணம். 2024 ஜூனில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்நாப்சில் என்ற நிறுவனம் இதே காரணத்துக்காகத் தன் கேன் காபிகளைத் திரும்பப் பெற்றது. அது பல சிறு காபிக் கடைகளுக்கும் அவரவர் பெயரிலேயே கேனில் அடைத்துக் கொடுத்துவந்த நிறுவனம் என்பதால் ஏராளமான பெயர்கள் ஒரே நாளில் பட்டியலுக்கு வந்தன. அறிவிப்பு வந்தபோது இரண்டு முறையும் யாருக்கும் நோய் வந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் இரண்டும் கருங்காபி தொடர்பானவை என்பதைக் கவனிக்க வேண்டும். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஆகவே கெட எதுவும் இல்லை என்று நாம் நினைக்கும் காபி அது. வீட்டில் கோல்ட் ப்ரூ ஊறவைத்து, காற்றுப் புகாத ஜாடியில் அடைத்து, வெளியே அலமாரியில் வாரக்கணக்கில் வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். அந்த ஜாடிக்கு இடம் ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

இந்தச் சூட்டுக்குக் காபி ஒரு விலை கொடுக்கிறது. புதிதாக இறக்கிய டிகாக்‌ஷனின் மணம் 121 டிகிரியில் நிற்பதில்லை. வெந்த பாலின் வாடை ஏறும், கசப்பு தடிக்கும். அதோடு இந்த பானத்தைப் பெரும்பாலும் ஜில்லென்று குடிக்கிறோம். நாக்கு குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். கசப்பை மறைக்கவும், குளிரில் மங்கும் இனிப்பை ஈடுகட்டவும் தயாரிப்பாளருக்குக் கையில் இருக்கும் மலிவான வழி சர்க்கரை. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். குளிர்ந்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அரை மணி நேரம் வெளியே வைத்துக் குடித்துப் பாருங்கள். பல பாட்டில்களில் பாயசம் குடித்தது போல இனிப்பு தூக்கலாக இருக்கும்.

எவ்வளவு சர்க்கரை என்பதை லேபிள் மறைப்பதில்லை, ஆனால் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. கணக்குக்காக ஒரு 200 மில்லி பால் காபி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். கடையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண்களையே போடுகிறேன். பின்பக்கச் சிறு கட்டத்தில், 100 மில்லிக்கு என்ற தலைப்பின் கீழ், கார்போஹைட்ரேட் 12 கிராம், அதற்குள் டோட்டல் சுகர்ஸ் 11.4 கிராம், அதற்குள் ஆடட் சுகர்ஸ் 8 கிராம் என்றிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கடைசி எண்ணை. மொத்தச் சர்க்கரைக்கும் சேர்த்த சர்க்கரைக்கும் இடையே உள்ள 3.4 கிராம் பாலிலேயே இயல்பாக இருக்கும் லாக்டோஸ். நூறு மில்லி பாலில் லாக்டோஸ் நாலரை முதல் ஐந்து கிராம் வரை இருக்கும்; ஆக இந்த பாட்டிலில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பால் என்றும் இதிலிருந்தே ஊகிக்கலாம். அந்த வித்தியாசம் ஒன்றரை கிராம்தான் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பால் காபி என்று காசு கொடுத்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அது.

அடுத்தது பெருக்கல். 100 மில்லிக்கு 8 கிராம் என்றால் பாட்டிலுக்கு 16 கிராம். தட்டையாக எடுத்தால் கிட்டத்தட்ட நாலு தேக்கரண்டி. வீட்டில் ஒரு டம்ளர் காபிக்கு நாலு கரண்டி போட்டால் அம்மா கையைப் பிடித்துவிடுவார். பாட்டிலில் அதைக் கண்ணால் பார்க்காததால் குடித்துவிடுகிறோம்.

அதே கட்டத்தில் இன்னொரு பத்தியும் இருக்கும்: ஒரு முறை பரிமாறும் அளவில் நாள் தேவையின் எத்தனை சதவீதம் என்று. இந்த பாட்டிலில் பரிமாறும் அளவு 200 மில்லி என்று போட்டிருந்தால் சேர்த்த சர்க்கரைக்கு 32 சதவீதம் என்று வரும். பரிமாறும் அளவை 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் அது 16 சதவீதமாகத் தெரியும். யாரும் பாதி பாட்டிலோடு நிறுத்துவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: இந்தச் சதவீதம் எதை வைத்துப் போடப்படுகிறது? நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கை எடுத்துக்கொள்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அந்த அளவுகோலில் நம் பாட்டிலின் 32 சதவீதம் 64 ஆகிவிடும். லேபிளில் உள்ள எண் பொய் இல்லை. ஆனால் சர்க்கரை வியாதி பரம்பரையாக ஓடும் குடும்பத்தில் பிறந்தவர் அதை இரட்டிப்பாக்கிப் படிப்பதே சரி என்பது என் எண்ணம்.

சர்க்கரை என்ற பெயரே இல்லாமல் வரும் இனிப்புகளும் உண்டு. சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. தண்ணீர், பால், அடுத்ததாகச் சர்க்கரை, பிறகுதான் காபி என்ற வரிசையைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். பெரும்பாலான பால் காபிகள் அப்படித்தான். ஆனால் ஒரே சர்க்கரையை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், கண்டென்ஸ்டு மில்க், பேரீச்சைச் சாறு என்று நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுப் பேரீச்சைச் சாறு ஊற்றினால், உடம்புக்கு வித்தியாசம் அதிகம் இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது இன்னும் நுட்பமானது. மாவுச்சத்திலிருந்து எடுப்பது, சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். கார்போஹைட்ரேட் எண்ணுக்கும் டோட்டல் சுகர்ஸ் எண்ணுக்கும் இடையே மூன்று, நாலு கிராம் இடைவெளி இருந்தால் அங்கே அது ஒளிந்திருக்கலாம். நம் உதாரண பாட்டிலில் அந்த இடைவெளி 0.6தான், ஆகவே கவலை இல்லை. ஓட்ஸ் பால் கலந்த காபியில் இன்னொரு விஷயம்: ஓட்ஸின் மாவுச்சத்தை நொதி கொண்டு உடைக்கும்போதே மால்டோஸ் என்ற சர்க்கரை உண்டாகிவிடுகிறது. யாரும் தனியாகச் சேர்க்காவிட்டாலும் அது பாட்டிலுக்குள் இருக்கும்.

'சுகர் ஃப்ரீ' என்ற சொல்லை மட்டும் நம்பலாம், ஏனென்றால் நூறு மில்லிக்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்படிப் போட முடியாது. 'லோ சுகர்' என்றால் பானங்களில் இரண்டரை கிராமுக்குள் இருக்க வேண்டும். 'லைட்', 'மைல்டு', 'ஸ்மூத்' போன்ற சொற்கள் முன்பக்கத்தில் இருந்தாலும் சர்க்கரையைப் பற்றி எதுவும் தெரியவராது. சர்க்கரை இல்லாமல் இனித்தால் 955 என்ற சுக்ரலோஸோ 950 என்ற அசிசல்ஃபேமோ பட்டியலில் இருக்கும்.

கஃபீன் விஷயத்தில் லேபிள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. எனர்ஜி டிரிங்க் கேன்களில் கஃபீன் எவ்வளவு என்று எழுதியிருக்கும், குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஐரோப்பாவில் ஒரு லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உள்ள பானங்கள் இந்த எச்சரிக்கையைப் போட்டாக வேண்டும். ஆனால் பெயரிலேயே காபி அல்லது தேநீர் என்ற சொல் உள்ள பானத்துக்கு அந்த விதி விலக்கு அளிக்கிறது. காபியில் கஃபீன் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்பது காரணம். இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு என்பதுதானே கேள்வி.

நாமே ஓரளவு கணக்குப் போட ஒரு வழி உண்டு. பல பாட்டில்களின் சேர்மானப் பட்டியலில் இன்ஸ்டன்ட் காபித் தூள் எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். நம் 200 மில்லி பாட்டிலில் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுமார் 2.4 கிராம் தூள். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித் தூளில் கஃபீன் ஏறக்குறைய மூன்று சதவீதம் இருக்கும். ஆக பாட்டிலுக்குச் சுமார் 70 மில்லிகிராம். ரோபஸ்டா வகைக் காபியாக இருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் அராபிகாவைப்போல அதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன். சிக்கரியில் கஃபீன் கிடையாது என்பதால், காபி சிக்கரி கலவை என்று போட்டிருந்தால் குறையும். இது தோராயமான கணக்குதான். 70 என்பது 60ஆகவோ 90ஆகவோ இருக்கலாம். 20ஆ 200ஆ என்று தெரியாமல் இருப்பதற்கு இது மேல்.

எழுபது மில்லிகிராம் அதிகமா? அது குடிப்பவரைப் பொறுத்தது. ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி, 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராமும், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மில்லிகிராமும் கஃபீன் என்று கணக்கிட்டு, நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வீட்டில் காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் குடிக்கும் ஒருவர், நடுவில் அலுவலகத்தில் ஒரு பாட்டில் குடித்தால் எல்லையை ஒட்டி வந்துவிடுவார். இந்தியாவில் எனர்ஜி டிரிங்கில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருக்கக் கூடாது. நம் சாதாரண பாட்டில் காபி அந்தக் கணக்கில் 350ஐத் தொடுகிறது. எனர்ஜி டிரிங்க் என்றால் பதறி மகனிடமிருந்து பிடுங்கும் தாய், பால்தானே என்று இதைப் பள்ளிப் பைக்குள் வைத்துவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. சிறுவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு. பத்து வயதில் 30 கிலோ உள்ள பிள்ளைக்கு அது 90. அதன் முக்கால் பங்குக்கு மேல் ஒரே பாட்டிலில் போய்விடுகிறது, அதுவும் மாலை டியூஷனுக்கு முன்னால். கஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அந்த நேரம் இரண்டு மூன்று மடங்காக நீளும். அவர்களுக்கு நாள் முழுவதற்கும் 200 மில்லிகிராம்தான் அதே ஆணையம் சொல்லும் எல்லை.

கோல்ட் ப்ரூ கான்சன்ட்ரேட் என்று சிறு பாட்டிலில் வருவதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது கெட்டி டிகாக்‌ஷன். தண்ணீரோ பாலோ கலந்து குடிக்கச் செய்தது. அதன் உருவம் குடிக்கும் பாட்டிலைப் போலவே இருப்பதால், அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு படபடப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எத்தனை பங்கு கலக்க வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இனி மூடியைத் திறக்கும் நேரத்துக்கு வருவோம். லேபிளில் உள்ள காலாவதித் தேதி மூடிய பாட்டிலுக்கு மட்டும் உரியது. மூடி திருகி 'டக்' என்று சத்தம் வந்த நொடியில் அந்தத் தேதிக்கு அர்த்தம் போய்விடுகிறது. தொழிற்சாலைச் சூடு உள்ளே இருந்த கிருமிகளைத்தான் கொன்றது; இனி வரப்போகும் கிருமிகளைத் தடுக்க அந்தக் காபியில் ஒன்றும் இல்லை. புளிப்பு இல்லை, கெடாமல் காக்கும் ரசாயனமும் இல்லை. பாலும் சர்க்கரையும் தண்ணீரும் இருக்கின்றன. போட்டிக்கு வேறு கிருமிகூட இல்லாத அந்த இடத்தில், முதலில் நுழைந்தது தங்கு தடையின்றிப் பெருகும். நுழைவதற்குப் பெரும்பாலும் வழி செய்வது நம் வாய்தான். வாய் வைத்துக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் எச்சில் உள்ளே போகிறது.

அதனால் திறந்த பால் காபியைத் திறந்த பாலாகவே நடத்த வேண்டும். டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு மீதியை உடனே ஃபிரிட்ஜில், நாலைந்து டிகிரிக் குளிரில் வைத்தால், 24 மணி நேரம், லேபிள் அனுமதித்தால் 48 மணி நேரம் வைக்கலாம். வாய் வைத்துக் குடித்தது என்றால் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. வெளியே கிடந்தால்? கெடக்கூடிய உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் அளவு. மதுரையிலும் வேலூரிலும் வருடத்தில் பாதி நாள் பகலில் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும். நிறுத்திவைத்த காருக்குள் அதுகூடக் கிடையாது. கொதிக்க வைத்துக் குடித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பாக்டீரியா சாகும், வாந்தி நிற்காது.

பால் கலக்காத, சர்க்கரை இல்லாத கருங்காபிக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. பெரிய பாட்டிலில் வரும் கோல்ட் ப்ரூவுக்குத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்தே மணம் தட்டையாகிவிடும் என்பது வேறு. கேனில் வாங்கியதை மூட வழியில்லை என்பதால், மிஞ்சியதை மூடியுள்ள கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிட வேண்டும்.

கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? கழுத்துப் பகுதியில் வெண்ணெய் போல ஒரு வளையம் ஒட்டியிருந்தால் அது பாலின் கொழுப்பு மிதந்து வந்தது, குலுக்கினால் கலந்துவிடும். அடியில் பொடி படிந்திருந்தால் அது காபியின் நுண்துகள். இரண்டும் கெடுதலின் அடையாளம் அல்ல. குலுக்கிய பிறகும் தயிர்த் துணுக்கு போல மிதந்தால், கொழகொழவென்று நூல் இழுத்தால், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். சோடா வகையல்லாத காபியைத் திறக்கும்போது காற்று சீறிக்கொண்டு வெளியேறினாலும் அப்படித்தான். நைட்ரோ வகை மட்டும் இயல்பாகவே சீறும். பாட்டுலினம் நஞ்சுக்கு வாடையும் நிறமும் இல்லாமல் போகலாம் என்பதால், சந்தேகத்துக்குரிய பாட்டிலை நாக்கில் வைத்துச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது.

வாங்கும் இடத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். எல்லாப் பாட்டில் காபியும் 121 டிகிரியைப் பார்த்ததல்ல. மணம் கெடாமல் இருக்க மிதமாகச் சூடேற்றி, மூடியிருந்தாலும் ஃபிரிட்ஜிலேயே வைக்க வேண்டிய வகையும் விற்பனையில் உண்டு. 'கீப் ரெஃப்ரிஜரேட்டட்' என்ற வரி அதற்கு அடையாளம். 'குளிர்வித்துக் குடித்தால் சுவை' என்பது வேறு, இது வேறு. கல்லூரிச் சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ராத்திரி கடை சாத்தும்போது ஃபிரிட்ஜையும் அணைச்சிடுவேன் சார், கரண்ட் பில்லு கட்டுபடி ஆகல. காலையில போட்டா ஒரு மணி நேரத்துல ஜில்லுனு ஆயிடும்" என்றார். அவருக்கு இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டிய விநியோகஸ்தர் சொல்லவும் இல்லை. ஆறு மாதம் நிற்கும் வகையாக இருந்தால் அவர் செய்வதில் குற்றமில்லை. குளிரிலேயே இருக்க வேண்டிய வகை என்றால் ஒவ்வொரு இரவும் அதன் ஆயுள் குறைகிறது, தேதி மட்டும் மாறாமல் இருக்கிறது. இந்த வகையைப் பகலிரவும் ஃபிரிட்ஜ் ஓடும் பெரிய கடையில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

கேன் என்றால் மேலும் கீழும் தட்டையாக இருக்கிறதா, ஓரத் தையலில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதியில் சிறு நசுங்கல் பரவாயில்லை. தையலில் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கலாம், அதன் வழியே காற்றும் கிருமியும் போகலாம். உப்பிய கேனைத் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அடியில் அச்சிட்ட பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் அதே பெட்டியில் வந்த மற்றக் கேன்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுப்பதென்றால் அந்தப் பேட்ச் எண்தான் முதலில் கேட்கப்படும், ஏனென்றால் ஒரே கொதிகலனில் ஒரே நேரத்தில் வெந்த கேன்கள் எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கும்.